ஆண்டு விழா அறிக்கையில் அந்த 78.3 விழுக்காட்டை வைக்கலாமா?

பிறைவாசி
எங்கள் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோருக்குத் திரையில் காட்டும் அறிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நான் தயாரிக்கிறேன். ஆறாம் ஆண்டுக் கணிதத்தில், வகுப்பறை மதிப்பீட்டில் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் சென்ற ஆண்டு 19 பேரில் 14, இந்த ஆண்டு 23 பேரில் 18. பள்ளி கொடுத்த சிலைடில் "73.7 விழுக்காட்டிலிருந்து 78.3க்கு உயர்வு" என்று கொட்டை எழுத்தில், பச்சை அம்புக்குறியோடு இருக்கிறது. செயலவையில் ஒருவர் இது கண்கட்டு வித்தை என்கிறார், இன்னொருவர் விழா நாளில் இதையெல்லாம் நோண்டாதே என்கிறார். வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

செந்தூல்_வாத்தியார்
வகுத்ததில் தப்பில்லை தம்பி, அம்புக்குறிதான் இடிக்கிறது. 19இல் 14 போனால் மிச்சம் 5, 23இல் 18 போனால் மிச்சம் அதே 5. கீழே நிற்கும் பிள்ளைகள் ஒருவர்கூடக் குறையவில்லை, வகுப்பு பெரிதானதால் விழுக்காடு மட்டும் ஏறியிருக்கிறது. 23 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பதே 4.3 விழுக்காடு. நீங்கள் கொண்டாடப் போகும் உயர்வு மொத்தமே 4.6, அதாவது ஏறக்குறைய ஒரு பிள்ளை. அதைவிட முக்கியமாக, அந்த 19 பேர் இடைநிலைப் பள்ளிக்குப் போயாகிவிட்டது, இந்த 23 பேர் வேறு பிள்ளைகள். இரண்டு வேறு கூட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்தி "உயர்வு" என்றால் உயர்ந்தது யார்? இந்த 23 பேரும் ஐந்தாம் ஆண்டில் எந்த நிலையில் இருந்தார்கள் என்று பள்ளியில் கேளுங்கள், அதை வைத்துத்தான் பேச முடியும்.

செபராங்_செல்வி
ஐயா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், ஆனால் ஆண்டு விழா என்ன கணக்காய்வுக் கூட்டமா? அந்த ஆசிரியை ஆண்டு முழுவதும் பாடுபட்டிருக்கிறார், பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் முகச்சாயத்தோடு காத்திருக்கிறார்கள், அந்த நேரத்தில் "ஐந்து பேர் இன்னும் தேறவில்லை" என்று திரையில் போட்டால் நன்றாகவா இருக்கும்? சின்னப் பள்ளியில் அந்த ஐந்து பேர் யார் என்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லா அம்மாவுக்கும் தெரியும். என்னைப் பொறுத்தவரை 78.3 இருக்கட்டும், அம்பும் இருக்கட்டும். இன்னொன்று, படங்களைப் பாருங்கள் முதலில். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோர் கையெழுத்து இல்லாமல் பிள்ளை படத்தைத் திரையில் போட்டாலே குற்றம்.

செந்தூல்_வாத்தியார்
அந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது அம்மா, மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவை அதற்குள் இழுப்பது கடினம். அனுமதி வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சேர்க்கையின்போதே ஒரு கடிதத்தில் வாங்கி வைப்பது நல்ல வழக்கம். ஐந்து பேரை எல்லோருக்கும் தெரியும் என்றீர்களே, அது மட்டும் உண்மையான சிக்கல். அதை நான் ஒதுக்கவில்லை.

பட்டர்வொர்த்_பாபு
எங்கள் பள்ளியில் கணிதமே பேச்சில் இல்லை, எல்லாம் பதக்கம்தான். அடைவு என்று ஒரு சிலைடு, அதில் புத்தாக்கப் போட்டித் தங்கம், தங்கம், தங்கம். பார்க்கிறவர்களுக்கு உலகத்திலேயே முதல் இடம் என்று தோன்றும். இந்த மாதிரிப் போட்டிகள் பலவற்றில் தங்கம் என்றால் முதல் இடம் கிடையாது, குறிப்பிட்ட புள்ளிக்கு மேல் எடுத்த எல்லாக் குழுவுக்கும் தங்கம். பதிவுக் கட்டணம் சங்கத்தின் கணக்கிலிருந்து போகிறது, நான் பொருளாளராக இருந்தபோது காசோலையில் கையெழுத்துப் போட்டவன், அதனால் தெரியும். எத்தனை குழு கலந்துகொண்டது, எத்தனைக்குத் தங்கம் என்று கேட்டேன். அண்ணே, நம் பிள்ளைகள் பெருமையைக் குறைக்காதீர்கள் என்று பதில் வந்தது. அத்தோடு முடிந்தது.

செபராங்_செல்வி
என் மகள் அப்படி ஒரு போட்டியில் தங்கம் வாங்கியவள்தான். செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்று, நடுவர்கள் முன்னால் நின்று மலாயில் விளக்கினாள். அதற்கு முன் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அதை எந்தக் கட்டணத்தில் சேர்ப்பீர்கள்?

பட்டர்வொர்த்_பாபு
அப்படியானால் அதையே சிலைடில் எழுதச் சொல்லுங்கள் அக்கா, "மூன்று பேர் மலாயில் பத்து நிமிடம் விளக்கினார்கள்" என்று. கருவியின் படத்தையும் பக்கத்தில் போடட்டும். பதக்கத்தைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

கணினி_மணி
சிலைடு பிரச்சினைதானே? படம் அதிகமானால் கோப்பு பெரிதாகிப் புலனத்தில் போகாது. பவர்பாயிண்டில் ஒரு படத்தைச் சொடுக்கி Picture Format போய் Compress Pictures எடுங்கள், Apply only to this picture என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், 150 ppi போதும், திரைக்கு அதற்கு மேல் தேவையில்லை. நாற்பது படம் இருந்தாலும் கோப்பு சின்னதாகிவிடும்.

பிறைவாசி
நான் கேட்டது அது இல்லை மணி. ஆனால் ஒரு சந்தேகம். குறைநீக்கல் வகுப்புப் படத்தில் நான்கு பிள்ளைகள் நேராகப் பார்க்கிறார்கள், மேலே தலைப்பே "குறைநீக்கல் வகுப்பு". இருவரின் முகத்தை வெட்டிவிட்டேன், மற்ற இருவர் மேல் சிரிப்பு முகம் ஒட்டிவிட்டேன். விழா முடிந்ததும் கோப்பைப் பெற்றோர் புலனக் குழுவில் போடுவார்கள். அது போதுமா?

கணினி_மணி
போதாது. சிலைடில் நீங்கள் வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருக்கும். யாராவது அந்தப் படத்தைச் சொடுக்கி Crop அழுத்தி ஓரத்தை இழுத்தால் முகம் திரும்ப வந்துவிடும். ஒட்டிய சிரிப்பு முகம் இன்னும் மோசம், விரலால் நகர்த்தினால் போயிற்று. நான் சொன்ன அதே பெட்டியில் Delete cropped areas of pictures என்று ஒன்று இருக்கிறது, அதில் டிக் வைத்துச் சேமித்தால் வெட்டியது உண்மையிலேயே போகும். சேமித்த பிறகு Crop இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிப்பு முகத்துக்கு அது உதவாது, படத்தை வெளியே எடுத்து முகத்தை அழித்துப் புதுப் படமாகச் சேமித்துத் திரும்பப் போட வேண்டும்.

செந்தூல்_வாத்தியார்
இதற்கெல்லாம் முன்னால், அந்தப் படம் எதற்கு? குறைநீக்கல் வகுப்பு நடந்தது என்று காட்ட முகம் தேவையில்லை. பயிற்றுப் பலகையில் குச்சியை அடுக்கிக் கழித்தல் செய்யும் கைகளை மட்டும் எடுத்தால் போதும். பெற்றோருக்கு என்ன நடக்கிறது என்று அதிலேயே தெரியும்.

பிறைவாசி
சரி, அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டுப் பதிவு கிடைத்தது ஐயா. அப்போது 24 பேர், 17 பேர் மூன்றாம் நிலைக்கு வந்திருந்தார்கள், 7 பேர் இல்லை. அந்த ஏழில் ஒருவர் ஆண்டுக் கடைசியில் சுங்கை பட்டாணிக்கு மாறிப் போய்விட்டார்.

செந்தூல்_வாத்தியார்
அவரைக் கழித்துப் பாருங்கள். இப்போது இருக்கும் 23 பேரில் அப்போது 17, இப்போது 18. ஓராண்டில் கூடியது ஒருவர். அவரைக் கழிக்காமல் 24க்கு 17, 23க்கு 18 என்று போட்டால் 70.8லிருந்து 78.3 என்று இன்னும் அழகான அம்பு கிடைக்கும், அதில் ஐந்தில் இரண்டு பங்கு வேலை செய்தது லாரியில் வீட்டுச் சாமான் ஏற்றிய ஆள். இன்னொன்றும் உண்டு. இரண்டு பேர் மேலே போய் ஒருவர் கீழே இறங்கியிருந்தாலும் 18தான் வரும். பெயர்வாரியாகப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் அது ஆசிரியர் அறையோடு நிற்க வேண்டிய தாள். அதோடு நிலையைப் போடுவது வகுப்பு ஆசிரியர், இரண்டு ஆண்டும் வேறு வேறு ஆசிரியராக இருந்திருக்கலாம், பாடமும் வேறு. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் போன பிறகு ஆறாம் ஆண்டுக்கு ஒரே அளவுகோலால் நாடு முழுக்க அளந்த எண் நம் கையில் இல்லை. ஒரு பிள்ளை வித்தியாசத்தை வைத்து ஏற்றம், இறக்கம் எதுவும் சொல்லக் கூடாது.

செபராங்_செல்வி
அப்படியானால் ஆசிரியையின் உழைப்பைக் காட்ட வழியே இல்லை என்கிறீர்கள்.

செந்தூல்_வாத்தியார்
ஏன் இல்லை? "23 பேரில் 18 பேர் மூன்றாம் நிலையை எட்டினர்" என்று எழுதலாம், அம்பு வேண்டாம், புள்ளி வைத்த விழுக்காடும் வேண்டாம். குறைநீக்கல் வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் எடுத்தார் என்று ஒரு வரி சேருங்கள், உழைப்பு அதில் தெரியும்.

பிறைவாசி
அடுத்த சிலைடு "அடுத்த ஆண்டுத் திட்டம்: ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் 90 விழுக்காடு". அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டுக்கு வருவது 16 பேர்.

செந்தூல்_வாத்தியார்
16இல் 90 விழுக்காடு என்றால் 14.4 பிள்ளை. 14 பேர் வந்தால் 87.5, திட்டம் தோற்றது. 15 வந்தால் 93.75, கைதட்டல். இடையில் ஒன்றுமில்லை. அந்த 16இல் இப்போது எத்தனை பேர் கீழே?

பிறைவாசி
நான்கு பேர்.

பட்டர்வொர்த்_பாபு
அப்போ திட்டம் என்பது அந்த நான்கு பேர்தானே? செவ்வாய், வியாழன் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம், ஜூனிலேயே பாதி வழியில் ஒரு சோதனை, ஆசிரியருக்கும் சிற்றுண்டிக்கும் எவ்வளவு, அது சங்க நிதியிலா நன்கொடையிலா. இதைத் திரையில் போட்டால் பொதுக் கூட்டத்தில் யாராவது கேட்டுப் பதில் வாங்கலாம். 90 விழுக்காட்டை யாரிடம் போய்க் கேட்பது? புத்தாக்கப் போட்டிக் கட்டணத்தில் பாதியை இதற்குத் திருப்பினாலே போதும் என்பேன்.

செபராங்_செல்வி
பாபு அண்ணன் பதக்கத்தை விடமாட்டார் போல. கட்டணத்தை வெட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 16இல் நான்கு பேர் என்று திரையில் போட்டால் அந்த நான்கு அம்மாக்கள் தலை குனிந்து உட்கார வேண்டும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

செந்தூல்_வாத்தியார்
அதற்கு ஒரு வழி, நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டைச் சேர்த்து ஒரே எண்ணாகப் போடுவது.

பிறைவாசி
அடுத்த ஆண்டு மூன்று வகுப்பும் சேர்ந்து 52 பேர் வருவார்கள், 13 பேருக்குக் கூடுதல் வகுப்பு தேவை.

செந்தூல்_வாத்தியார்
அதைப் போடலாம். யாரையும் விரல் காட்ட முடியாது.

பட்டர்வொர்த்_பாபு
விரல் காட்ட முடியாது, ஆனால் என் பிள்ளை அந்த 13இல் இல்லை என்று எல்லா அப்பாவும் நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். எந்த வகுப்பில் ஓட்டை என்றும் தெரியாது. ஐயா கணக்கில் எடுத்த மறைப்பைத் திட்டத்தில் திரும்ப வைக்கிறார்.

செந்தூல்_வாத்தியார்
உண்மைதான், அந்த இழப்பு உண்டு. அதனால் 13 வீட்டுக்கும் விழாவுக்கு முன்பே வகுப்பாசிரியர் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கூட்டு எண்ணை மட்டும் போட்டால் பாபு சொன்னதுதான் நடக்கும்.

பிறைவாசி
அம்பை எடுத்துவிட்டு "23இல் 18" என்று மாற்றிவிட்டேன், தலைமையாசிரியர் முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். பதக்க சிலைடில் கருவியின் படம் வருகிறது, கட்டணம் பற்றிச் செயலவையில் யாரும் பேச விரும்பவில்லை. வகுப்பாசிரியர்கள் வீடுகளுக்கு அழைத்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 52 என்று போடுவதா, வகுப்பு வாரியாகவா என்று வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாக்கெடுப்பு.

செபராங்_செல்வி
வாக்கெடுப்பில் அந்த 13 வீட்டிலிருந்து ஒருவராவது இருப்பாரா?