எலுமிச்சை, சமையல் சோடா, நாட்டுச்சர்க்கரை: முகத்தில் போட்டவர்கள் சொல்லுங்கள்

நீலக்குயில்:
அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் எலுமிச்சைச் சாற்றில் நாட்டுச்சர்க்கரை கலந்து முகத்தில் தேய்த்தாள். லேசாகக் கழுவிவிட்டு, நல்ல வெயிலில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் தாடையில் சாறு வழிந்த தடம் மட்டும் சிவந்து எரிந்தது. அப்புறம் அது பழுப்புக் கோடாகிவிட்டது. யாருக்காவது இப்படி வந்து மறைந்திருக்கிறதா?

பனைமரம்:
எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை. கடையில் விற்கிற சீரத்திலும் வைட்டமின் சி தானே? எரிந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள், புளிப்பு அடங்கிவிடும்.

மலைச்சாரல்:
நான் கிரீம் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். சோடா போட்டால் புளிப்பு அடங்கும், அது சரிதான். ஆனால் அந்தக் கோட்டுக்குக் காரணம் புளிப்பு இல்லை. எலுமிச்சையில், அதிலும் தோலில், வெயிலோடு சேர்ந்து சருமத்தைச் சுடும் பொருள் ஒன்று இருக்கிறது. பிழியும்போது அது சாற்றிலும் இறங்கும். சோடா அதை ஒன்றும் செய்யாது. பாட்டி ராத்திரியில் போட்டிருந்தால் தப்பித்திருப்பார்.

இன்னொன்று, சோடாவைச் சிட்டிகையால் அளக்க முடியாது. சாற்றின் பிஎச் 2 பக்கம், சோடாத் தண்ணீர் 8-ஐத் தாண்டும், நம் சருமம் 5-ஐ ஒட்டி இருக்கும். நாங்களும் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறோம். ஆனால் துளித்துளியாக விட்டு, மீட்டரில் பார்த்து நிறுத்துவோம். ஒவ்வொரு கலவைக்கும் இதே வேலைதான்.

வைட்டமின் சி கணக்கையும் பாருங்கள். 100 மில்லி சாற்றில் அரை கிராம்கூட இருக்காது. 10 சதவீத சீரம் என்றால் அதே அளவில் 10 கிராம். சாற்றில் கூடுதலாக இருப்பது 5, 6 கிராம் சிட்ரிக் அமிலம்தான்.

தேன்சிட்டு:
நான் தலைக்கு எலுமிச்சை தேய்க்கிறேன், பொடுகுக்கு. அதுவும் கறுக்குமா?

மலைச்சாரல்:
நெற்றியிலும் காதோரமும் வழியும் இல்லையா, அங்கே வரலாம். நன்றாக அலசிவிட்டு வெளியே போங்கள்.

மழைத்துளி:
பாட்டிலில் வருவதெல்லாம் நல்லது என்றும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஒரு வைட்டமின் சி சீரமே கன்னத்தை எரித்தது. திறந்து வைத்திருந்ததில் பழுப்பாக மாறியிருந்தது வேறு.

மலைச்சாரல்:
பழுப்பான சீரம் கெட்டது, தூக்கிப் போடுங்கள். புதுசும் சிலருக்கு எரியும், அதுவும் அமிலம்தான். காதுக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

பனைமரம்:
சர்க்கரையாவது தேய்க்கலாமா?

மலைச்சாரல்:
தண்ணீரில் பாதி கரைந்தபின் மெதுவாகத் தேய்த்தால் பரவாயில்லை. சாற்றோடு வேண்டாம். கீறின இடத்தில் அமிலம் இன்னும் இறங்கும்.

மழைத்துளி:
நீலக்குயில், என் தங்கைக்குக் கழுத்தில் வந்தது சில மாதத்தில் மங்கியது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டாள். முழுக்கப் போகவில்லை.

நீலக்குயில்:
டாக்டரும் சன்ஸ்கிரீன்தான் சொன்னார். நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாணத்துக்குள் மறையுமா என்று கேட்டால் உறுதி சொல்ல மறுக்கிறார்.