ஒரே தகவல், செய்தியாவும் பீச்சராவும்: எதை மாத்துறது?

கோண்டாவில் பொடியன்: ஜேர்னலிசம் கிளாஸ்ல ஒரு வேலை தந்திருக்கினம். யாழ்தேவி றெயின் 2014 ஒக்டோபர் 13, திங்கக்கிழமை திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, 1990இல நிண்டது, ஜனாதிபதி துவக்கி வச்சவர், பளையில இருந்து இஞ்சால பாதை இந்தியக் கடன்ல இர்கொன் கொம்பனி போட்டது. இவ்வளவுதான் தகவல். அடுத்த நாள் பேப்பருக்கு ஒரு செய்தி, ஞாயிறு பேப்பருக்கு ஒரு பீச்சர் எழுதட்டாம். என்ர ரெண்டும் ஒண்டு மாதிரியே கிடக்கு, எங்க பிழை?

தட்டிவான்: சிம்பிள் தம்பி. செய்தி எண்டா வறட்டுத் தமிழ், "ஆரம்பிக்கப்பட்டது", "தெரிவிக்கப்பட்டது" எண்டு முடி. பீச்சர் எண்டா கொஞ்சம் உணர்ச்சி போடு. "24 வருட ஏக்கத்தின் பின் கண்ணீர் மல்க மக்கள் வரவேற்றனர்" எண்டு துவங்கினாலே பீச்சர் வந்திடும்.

பழைய சப்எடிற்றர்: தட்டிவான், கண்ணீர் விட்டதை ஆர் கண்டது? பொடியன்ர லிஸ்ற்றில அது இல்லையே. தகவல் அதேதான், குரல்தான் மாறோணும், உங்கட வசனத்தில குரல் மாறேல்ல, தகவல்தான் கூடியிருக்கு. 18 வருசம் மற்றாக்களின்ர கொப்பியைத் திருத்தினனான், பீச்சர் எண்டு வந்ததில அரைவாசி இப்பிடித்தான், செய்திக்கு மேல பவுடர் பூசினது.

பொடியன், செய்தி இப்பிடி வரும்: "யாழ்தேவி புகையிரத சேவை 24 ஆண்டுகளின் பின்னர் நேற்றுத் திங்கட்கிழமை யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஆரம்பமானது. ஜனாதிபதி இதனை ஆரம்பித்து வைத்தார்." அடுத்த வசனம் 1990, கடைசி வசனம் இர்கொனும் கடனும். பக்கத்தில இடம் காணாட்டி வாலில இருந்து வெட்டலாம், மிச்சம் தன்ர காலில நிக்கும்.

பீச்சருக்கு அதே 1990ஐ முன்னுக்குத் தூக்கு: "1990இல் பிறந்த பிள்ளைக்கு இப்ப 24 வயது. யாழ்ப்பாணத்தில கோச்சி ஓடினதை அந்தப் பிள்ளை கண்டதில்லை." புதுசா ஒண்டும் சேக்கேல்ல, கழிச்சுப் பாத்ததுதான். 2014 எண்ட திகதியைப் பிடிச்சு வச்சிரு, ரெண்டாம் பந்தியில வரட்டும். பார், செய்தியில புகையிரதம், பீச்சரில கோச்சி. அந்த ஒரு சொல்லிலயே ஆர் கதைக்கினம் எண்டு தெரியும்.

நல்லூர் ராணி: வெட்டுறது எண்டதும் எனக்கு வயிறு எரியுது. எங்கட அம்மம்மாவின்ர பனங்கட்டி வேலையைப் பற்றி ஒரு பேப்பருக்கு எழுதினனான், துவக்கத்தில வச்ச ஓலைக் குட்டான் கடைசிப் பந்தியிலதான் திரும்பி வரும். இடம் இல்லையெண்டு அந்தப் பந்தியை அப்பிடியே எடுத்திட்டினம். வாசிச்ச ஆக்கள் "குட்டான் என்னத்துக்கு வந்தது?" எண்டு கேட்டினம். ஆனா அண்ணை, குடுத்த தகவலோட நிக்கோணும் எண்டா பீச்சர் எழுதேலாது, ஸ்ரேசனுக்குப் போய் நாலு சனத்தோட கதைக்கத்தான் வேணும்.

பழைய சப்எடிற்றர்: பிள்ளை, உண்மையான வேலைக்கு நீங்கள் சொல்லுறது சரி, போகோணும். இவனுக்குத் தந்தது திருத்தி எழுதுற பயிற்சி. உங்கட பீச்சரை வாலில வெட்டினது பிழைதான், நடுவில வெட்டியிருக்கோணும், செய்தி மாதிரி எண்ணி வெட்டியிருக்கினம். அதையே சோதினையா வை பொடியன்: கடைசிப் பந்தியைக் கையால மறை. ஒண்டும் குறையாட்டி நீ எழுதினது இன்னும் செய்திதான்.

தட்டிவான்: சரி, கண்ணீரை விடுறன். ஆனா "1990இல் பிறந்த பிள்ளை"யும் கற்பனைதானே? அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை. கொழும்பில வளந்து தினம் றெயின்ல போனதாக் கூட இருக்கலாம்.

பழைய சப்எடிற்றர்: அதுக்குத்தான் "யாழ்ப்பாணத்தில" எண்டு போட்டது. அது ஆளில்லை, கணக்கு.

தட்டிவான்: உங்களுக்குக் கணக்கு. "பிள்ளை" எண்டு போட்டவுடன வாசிக்கிறவன் ஒரு முகத்தைத் தேடுவான், அடுத்த பந்தியில ஆள் வராட்டி ஏமாத்தினது மாதிரித்தான்.

நல்லூர் ராணி: இதில நான் தட்டிவான் பக்கம்.

கோண்டாவில் பொடியன்: திருத்தினனான், பாருங்கோ: "நேற்று வந்த கோச்சிக்குப் பாதை பளையில இருந்து புதுசாப் போட்டது. பழைய கோச்சி 1990இல நிண்டது." பிள்ளையை எடுத்திட்டன், சண்டை வேண்டாம்.

பழைய சப்எடிற்றர்: பாதையில துவங்கினது நல்லம், இர்கொனும் கடனும் பிறகு அதிலயே வந்து ஒட்டும். ஆனா ஞாயிறு பேப்பரில என்ன "நேற்று"? கோச்சி வந்தது திங்கக்கிழமை.