மீதி 8,000 பவுண்டை நிறுத்தி வைக்கலாமா?

தென்னரசி (லண்டன்): சமையலறையை நீட்டிக் கட்ட மொத்தமாக 40,000 பவுண்டு பேசி, 32,000 கொடுத்துவிட்டேன். மூன்று வாரமாக அங்கேதான் சமைக்கிறோம். இரண்டு அலமாரிக் கதவுகள் மூடவில்லை, நான்கு தரை ஓடுகள் ஆடுகின்றன. இவற்றைச் சரிசெய்ய வேறொருவர் 1,150 கேட்கிறார். "வேலை முடியவில்லை" என்று மீதி 8,000ஐயும் நிறுத்தி வைக்கலாமா?

முருகவேல்: தாராளமாக நிறுத்துங்கள். மொத்தத் தொகைக்குப் பேசிய வேலை முழுமையாக முடிந்தால்தான் பணம். 1972இல் போல்டன் எதிர் மகாதேவா வழக்கில், 560 பவுண்டுக்கு வீட்டில் வெப்ப அமைப்பு பொருத்தியவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

செல்வநாயகி: அந்த வழக்கில் வீடே சரியாகச் சூடாகவில்லை; அறைகளில் புகை வேறு. சரிசெய்ய 174 பவுண்டு, அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எதற்காக வாங்கினார்களோ அந்தப் பயனே கிடைக்கவில்லை. உங்கள் நிலை 1952இன் ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்குக்கு அருகில் இருக்கிறது. ஓர் அறையை அலங்கரித்து மரச்சாமான் செய்துதர 750 பவுண்டு. உடை அலமாரியின் கதவை மாற்ற வேண்டியிருந்தது, புத்தகத் தட்டு குட்டையாக இருந்தது. சரிசெய்ய ஆகும் சுமார் 56 பவுண்டைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கவேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். உங்களுடையதில் குறை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 1,150ஐக் கழித்து 6,850 கொடுப்பதுதான் நியாயம். முழுவதையும் பிடித்துவைத்தால் கட்டியவர் வழக்குத் தொடுக்கலாம்.

பாலகுரு: திருச்சியில் என் வீட்டிலும் இப்படித்தான். ஓட்டின் விரிசல் சிறியது என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. கட்டியவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. கையில் பணம் இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு!

முருகவேல்: அதுதான் என் கவலையும். இன்னொன்று, ஹோனிக்கிடம் வேலையைக் கொடுத்த ஐசக்ஸ் மரச்சாமான்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம், பயன்படுத்தினார். வீட்டோடு சேர்த்துக் கட்டிய சமையலறையை எப்படித் திருப்பி அனுப்புவது? தென்னரசி அங்கே சமைத்தார் என்பதாலேயே வேலையை ஏற்றுக்கொண்டார் என்றாகிவிடுமா?

செல்வநாயகி: ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். சொந்த நிலத்தில் எழும்பிய கட்டடத்தில் குடியிருப்பது மட்டும் ஏற்பு ஆகாது என்று 1898இலேயே தீர்ப்பு உண்டு. ஆனால் என் வாதம் அவர் சமைத்ததை நம்பி நிற்கவில்லை, குறை எவ்வளவு என்பதை நம்பி நிற்கிறது. தென்னரசி, குறைகளைப் பட்டியலிட்டு, கட்டியவருக்கு எழுதுங்கள். சரிசெய்ய ஒரு வாய்ப்பும் கொடுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அதற்கான விதி இருந்து, நீங்கள் வாய்ப்பே தராமல் வேறு ஆளைக் கூப்பிட்டால், கட்டியவரே சரிசெய்திருந்தால் அவருக்கு ஆகியிருக்கும் குறைந்த செலவை மட்டுமே கழிக்க முடியும் என்று ஆகிவிடலாம்.

முருகவேல்: ஓடுகள் ஏன் ஆடுகின்றன என்று யாராவது பார்த்தார்களா? ஒட்டுப்பசை குறைந்திருந்தால் நான்கு ஓடுதான். அடித்தளப் பூச்சு காயாமல் ஒட்டியிருந்தால் முழுத் தரையையும் பெயர்க்கவேண்டும், 1,150 போதாது.

தென்னரசி: யாரும் பார்க்கவில்லை. நாளை ஓர் ஓட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். அதுவரை கட்டியவருக்கு எதுவும் அனுப்பப்போவதில்லை.