6000 லிட்டர் தொட்டிக்குள் டேப்போடு இறங்கிய கதை

மாடிவீட்டுக்காரன்

போன வருஷம் மொட்டை மாடியில் செங்கல் தொட்டி கட்டினோம். லிட்டர் கணக்கில் கூலி பேசிய வேலை. 6000 லிட்டர் என்று கட்டியவரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டில் நாலு பேர், ஒரு முறை நிரப்பினால் பத்து நாள் ஓடும் என்று நினைத்திருந்தேன். ஆறாம் நாளே குழாயில் காற்றுதான் வந்தது. ஒழுகல் இருக்குமோ என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை.

கட்டியவரைக் கூப்பிட்டேன். வந்தார், வெளிப்பக்கம் டேப் பிடித்தார். நீளம் 2.40 மீட்டர், அகலம் 2.00, உயரம் 1.25. "பெருக்கிப் பாருங்க சார்" என்றார். சரியாக 6 கன மீட்டர், அதாவது 6000 லிட்டர். எனக்குப் பேச வாய் வரவில்லை.

அடுத்த வாரம் தொட்டி கழுவும்போது நானே உள்ளே இறங்கினேன். அரைச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு. பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் சுவரே தின்றுவிட்டது. உள்ளே நீளம் 2.12, அகலம் 1.72. அடித்தளம் 10 சென்டிமீட்டர், மேல்மூடி 8 சென்டிமீட்டர் போக உள் உயரம் 1.07. பெருக்கினால் 3.90 கன மீட்டர்தான் வருகிறது. 6000 எங்கே, 3900 எங்கே! இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

கணக்குப்பிள்ளை

இது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம் சார். நான் எப்போதும் வெளியளவில் பத்து சதவீதம் கழித்துவிட்டுத்தான் பேசுவேன், அது போதும். உங்கள் கணக்கில் எங்கேயோ பிழை இருக்கிறது. நீங்கள் தந்த உள்நீளத்தை அடியில் போட்டுப் பார்த்தேன். 2.12 மீட்டர் என்றால் 6 அடி 11 அங்குலம் சொச்சம், சரிதான். ஆனால் நான் ஒரு முறை 6 அடி 11 அங்குலத்தை 6.11 என்று கால்குலேட்டரில் அடித்து ஏமாந்தேன். 1.86 மீட்டர் என்று காட்டியது, தொட்டியே கால் மீட்டர் சுருங்கிப் போனது. நீங்களும் அப்படி எதாவது செய்தீர்களா?

மாடிவீட்டுக்காரன்

இல்லை, டேப்பில் மீட்டர் பக்கத்தையே பார்த்தேன்.

பிளம்பர் மாமா

தம்பி கணக்குப்பிள்ளை, அந்தப் பத்து சதவீதம் பெரிய தொட்டிக்கு ஒத்துவரும். தொட்டி சின்னதாக ஆக ஆக, சுவர் அதே கனத்தில்தான் இருக்கும், தண்ணீருக்குள்ள இடம்தான் குறையும். இங்கே 35 சதவீதம் போயிருக்கிறது. வெளியளவைச் சதவீதத்தில் கழிக்கக் கூடாது. சுவர் கனத்தை இரண்டு பக்கமும் கழித்து, அப்புறம் பெருக்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரரே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 3900 என்பதும் உங்கள் கைக்கு வரும் தண்ணீர் இல்லை. வழிந்தோடும் குழாயின் கீழ்விளிம்பு மூடியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது? அதற்கு மேல் தண்ணீர் ஏறவே ஏறாது. வீட்டுக்கு இறங்கும் குழாய் தரையிலிருந்து எவ்வளவு மேலே? அதற்குக் கீழே உள்ளது சகதி தங்கும் தண்ணீர், இறங்காது. அந்த இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள உயரத்தை மட்டும் எடுங்கள்.

நித்யா_அக்கா

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் தொட்டி. ஆயிரம் லிட்டர் என்று போட்டிருந்தது, நம்பாமல் அளந்தேன். விட்டம் 1.10, தோள்பட்டை வரை உயரம் 1.05. 1.10-ஐ இருமுறை பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்கினேன். கிட்டத்தட்ட 4000 லிட்டர் வந்தது! சந்தோஷமாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "பாதி விட்டத்தை எடும்மா" என்றார். 0.55 போட்டதும் ஆயிரத்தில் வந்து நின்றது.

விட்டத்தை நேராக அளக்க முடியாது, மேலே குவிந்திருக்கிறதே. சுற்றளவை டேப் போட்டு எடுத்து 3.14-ஆல் வகுத்தோம். டேப்பை வரிவரியான மேட்டின் மேல் பிடித்தால் கூடுதலாகக் காட்டும், இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பிடியுங்கள்.

சம்ப்_ராஜா

லாரித் தண்ணீர் வாங்குவோருக்கும் இதே தொல்லைதான். 12,000 லிட்டர் என்று ஊற்றிவிட்டுப் போவார்கள், எங்கள் சம்ப் பாதிகூட நிறையாது. புகார் கொடுத்தும் பதில் இல்லை.

பிளம்பர் மாமா

ராஜா, அது வேறு கதை. ஆனால் உங்கள் சம்பின் உள்நீளம், அகலம் தெரிந்தால் லாரிக்காரரையும் பிடித்துவிடலாம். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரு குச்சியை விட்டு ஈரம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். ஏறிய உயரத்தைப் பரப்பால் பெருக்கினால் லிட்டர் தெரிந்துவிடும்.

மாடிவீட்டுக்காரன்

மாமா சொன்னபடி அளந்தேன். வழிந்தோடும் குழாயின் விளிம்பு மூடிக்குக் கீழே 15 சென்டிமீட்டர், இறங்கும் குழாய் தரைக்கு மேலே 5 சென்டிமீட்டர். 1.07-இல் மிச்சம் 0.87. பரப்பு 3.65 சதுர மீட்டர். 3170 லிட்டர்தான் புழங்கும் தண்ணீர். ஆறாம் நாளில் ஏன் தீர்ந்தது என்று இப்போது புரிகிறது.

கணக்கு மட்டும் போதாது என்று ஒரு சோதனையும் செய்தேன். தொட்டிக்குள் விழும் குழாயடியில் 20 லிட்டர் கேனைப் பிடித்தேன், 24 விநாடியில் நிறைந்தது. நிமிஷத்துக்கு 50 லிட்டர். அப்படியென்றால் இறங்கும் குழாய் விளிம்பிலிருந்து வழியும் வரை 63 நிமிஷம் ஆக வேண்டும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் 66 நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம் எங்கே போனது?

கணக்குப்பிள்ளை

உள் மூலைகளில் சிமெண்டை வளைத்துப் பூசியிருப்பார்கள், அதுவாக இருக்கும்.

பிளம்பர் மாமா

அது இடத்தைக் குறைக்கும் தம்பி, சீக்கிரம்தான் நிறைய வேண்டும். இங்கே நேரம் கூடியிருக்கிறது. போர்த் தண்ணீரா?

மாடிவீட்டுக்காரன்

ஆமாம்.

பிளம்பர் மாமா

ஓட ஓடக் கிணற்றில் மட்டம் இறங்கும், மோட்டார் தள்ளுவதும் குறையும். ஆரம்பத்தில் ஒரு கேன், கடைசியில் ஒரு கேன் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்சாரம் தாழ்ந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எதனால் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. எப்படியும் 6000 என்றால் இரண்டு மணி நேரம் ஓடியிருக்க வேண்டும், அதுவே போதும்.

கொத்தனார்_மகன்

அண்ணே, சுவரை ஏற்றிக் கட்டித் தருகிறேன் என்று தொட்டி கட்டியவர் வந்தால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தொட்டியில் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தண்ணீரும் 365 கிலோ. மூடியை உடைத்து ஏற்றும் செங்கல், பூச்சு எல்லாம் அதற்கு மேல். கீழே தூணும் பீமும் எதற்காகப் போட்டவை என்று தெரியாமல் ஏற்றக் கூடாது. மூடிக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வெறுமையாக இருப்பதால், முதலில் வழிந்தோடும் குழாயை 8 சென்டிமீட்டர் மேலே மாற்றுங்கள். 290 லிட்டர் கூடும். ஆனால் மோட்டார்த் தண்ணீர் விழும் குழாய் வாய் அதற்கும் மேலே இருக்க வேண்டும், தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது.

மாடிவீட்டுக்காரன்

விழும் குழாய் வாய் மூடிக்குக் கீழே 6 சென்டிமீட்டரில் இருக்கிறது. குழாயை மாற்றினால் ஒரு சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதையும் ஏற்ற வேண்டியதுதான் போல.

கூலிப் பணத் தகராறுதான் தீரவில்லை. கட்டியவர், "சீட்டில் உள்ளளவு என்று எழுதவில்லையே சார்" என்கிறார். சீட்டை மறுபடி பார்த்தேன். "தண்ணீர்த் தொட்டி 6000 லி." என்று மட்டும்தான் இருக்கிறது. லிட்டர் என்றால் தண்ணீர்தானே, செங்கலையும் சேர்த்தா லிட்டர் கணக்குப் போடுவார்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.