புதுப்பிப்பு: போர்ட்டலில் ரெஸ்யூமே விவரங்கள் கலைந்த சிக்கல் தீர்ந்தது

நான் கேட்டது: "கல்லூரி கொடுத்த மாதிரியில் ரெஸ்யூமே செய்தேன். கம்பெனி போர்ட்டலில் ஏற்றினால் போன் நம்பர் காலி, திறன்கள் கல்லூரிப் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஏன்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது நோட்பேட் சோதனை சொன்ன அண்ணனின் யோசனைதான். பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C கொடுத்து நோட்பேடில் ஒட்டியதுமே கோளாறு தெரிந்தது: இரண்டு நெடுவரிசை டேபிளின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் மாறி மாறி வந்தன. டேபிளை எடுத்துவிட்டு ஒரே நெடுவரிசையாக, கல்வி, திறன்கள், புராஜெக்ட் என்று தனித்தனித் தலைப்பில் அடித்ததும் அந்தக் கலப்படம் போய்விட்டது.

பிடிஎஃப்பை விட்டு வேர்டாகவே ஏற்றச் சொன்னவர் பாதி சரி. டேபிள் இருக்கும்வரை வேர்டிலும் அதே குழப்பம்தான்.

எதிர்பாராதது போன் நம்பர். நோட்பேடில் ஒழுங்காக வந்தும் போர்ட்டலில் காலி. பெயரும் நம்பரும் வேர்டின் ஹெட்டர் பகுதியில் இருந்தன. சில போர்ட்டல்கள் அதைப் படிப்பதே இல்லை. பக்கத்தின் முதல் வரிக்கு இறக்கியதும் நிரம்பியது. ஆக, நோட்பேட் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். போர்ட்டல் தானாக நிரப்பும் கட்டங்களையும் பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

அரியர் பற்றிக் கேட்ட தம்பி, அது வேறு விஷயம், தனியாகக் கேளுங்கள். சிஜிபிஏவைச் சதவீதமாகக் கேட்கும் கட்டத்தில் என்ன போடுவது என்பது இன்னும் தீரவில்லை.