கலைச்சொல்: விரல் கருவி காட்டும் SpO2 எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

மாலதி, பட்டர்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பங்களுக்காக ஒரு பக்க அட்டை தயாரிக்கிறோம். நிமோனியா வந்தால் எப்படித் தெரியும், எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அட்டையின் பொருள். நிமோனியாவை நிமோனியா என்றே எழுதிவிட்டேன். அதில் யாருக்கும் குழப்பமில்லை. விரலில் மாட்டும் கருவியின் திரையில் SpO2 என்று வரும் எண்ணுக்குத்தான் பெயர் தேவை. பத்திரிகைகளில் "ஆக்சிஜன் அளவு", "ஆக்சிஜன் செறிவு", "பிராணவாயு அளவு" என்று மூன்று விதமாகப் பார்க்கிறேன். எது சரி?

குணசீலன், பாயான் லெப்பாஸ்

"செறிவு" நிச்சயமாகச் சரியில்லை. ஒரு கரைசலில் எவ்வளவு பொருள் கலந்திருக்கிறது என்பதைத்தான் வேதியியல் பாடநூல்கள் செறிவு என்கின்றன. இந்தக் கருவி அதை அளப்பதில்லை. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் அவற்றை வெவ்வேறு விதமாக உறிஞ்சுகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து கிடைப்பது ஒரு விழுக்காடு. ஆகவே "ஆக்சிஜன் நிறைவு" என்பதே பொருத்தம். நிறைவுற்ற கொழுப்பு என்று ஏற்கெனவே எழுதுகிறோம் அல்லவா?

அட்டைக்கு இன்னொரு யோசனையும் உண்டு. 95க்கு மேல் இருந்தால் வெறும் மார்புச்சளி, வீட்டிலேயே இருக்கலாம். 95க்குக் கீழே போனால் நிமோனியா, மருத்துவமனை. சளி பச்சையாக வந்தாலும் நிமோனியா. இப்படி ஒரே கோட்டில் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் புரியும்.

சரோஜா, பிறை

மாலதி, என் அத்தைக்கு 83 வயது. மழைக்காலத்தில் இருமல் விடுவதில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எந்த வகை நல்லது என்பதையும் அட்டையில் போடுவீர்களா?

பத்மாவதி, ஜார்ஜ்டவுன்

நான் மார்புநோய் வார்டில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். பெயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். குணசீலன் ஐயா எழுதிய ஒற்றைக் கோட்டை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

மார்புச்சளி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது. அது வைரஸால் வருவதே அதிகம். இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும், ஆனாலும் காற்று கடைசி வரை உள்ளே போய் வருகிறது. நிமோனியாவில் அந்தக் குழாய்களின் முடிவில் உள்ள சிற்றறைகளே நீராலும் சீழாலும் நிரம்பிவிடுகின்றன. அங்கேதான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் இறங்க வேண்டும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு பகுதி வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். சளியின் நிறம் இரண்டையும் பிரித்துக்காட்டாது. சாதாரண மார்புச்சளியிலும் மஞ்சளாக, பச்சையாக வரும்.

முதியவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. இளையவர்களுக்கு வருவது போலக் கடும் காய்ச்சலும் நெஞ்சுவலியும் அவர்களுக்கு வராமலே போகலாம். பசியில்லை என்பார்கள், எந்நேரமும் தூங்குவார்கள், கால் தடுமாறிக் கீழே விழுவார்கள், பேச்சு மாறும். வீட்டார் அதை வயதின் தளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

என் பணிக்காலத்தில் வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். வயது 78. ஒரு வாரமாக இலேசான இருமல். மார்புச்சளி என்று மருந்து வாங்கியிருந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மகனை இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தார். உடல் வெப்பம் 37.4தான். விரல் கருவி 94 காட்டியது. "ஒன்று குறைவுதானே" என்றார் மகன். நான் பாட்டிக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். 28. அமைதியாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 28 முறை இழுத்துத்தான் அவர் அந்த 94ஐத் தக்கவைத்துக்கொண்டிருந்தார். கைத்தாங்கலாகக் கழிவறைக்கு நடந்து திரும்பியதும் 89 ஆனது. இரத்த அழுத்தம் 104/58.

மருத்துவர்கள் கர்ப்-65 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். இரத்தப் பரிசோதனை இல்லாமல் பார்த்தால் அதில் நான்கு கேள்விகள். புதிதாகக் குழப்பம் வந்திருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேலா? அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் குறைவாக, அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்குக் கீழாக இருக்கிறதா? வயது 65 ஆகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அந்தப் பாட்டிக்குக் குழப்பம், அழுத்தம், வயது என மூன்று புள்ளி. மூன்று என்றால் தாமதமில்லாமல் சேர்க்க வேண்டிய நிலை. உள்ளே போன பிறகு யூரியாவும் 7க்கு மேல் இருந்தது, நான்காயிற்று. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி முழுவதும் வெள்ளை.

அந்தக் கணக்கில் விரல் கருவியின் எண் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்காக அந்த எண் வீண் என்று சொல்லவில்லை. வெறும் காற்றைச் சுவாசிக்கும்போது 92க்குக் கீழே போனால் புள்ளி எதுவானாலும் மருத்துவமனைதான். எண் நன்றாக இருப்பதை வைத்து ஆள் நன்றாக இருக்கிறார் என்று முடிவு செய்வதைத்தான் தடுக்க வேண்டும்.

சரோஜா அம்மா, ஆக்சிஜன் இயந்திரம் நிமோனியாவுக்கு மருந்தில்லை. அதை மாட்டினால் திரையில் எண் ஏறும், கிருமி பாட்டுக்குப் பெருகும். நீங்களும் நிம்மதியாக ஒரு நாளைக் கடத்திவிடுவீர்கள். அத்தையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இளங்கோ, செந்தூல்

பத்மாவதி அம்மாவுக்கு ஒரு கேள்வி. என் அப்பா நாற்பது ஆண்டு சிகரெட் புகைத்தவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல நாளிலேயே அவருக்கு 90, 91தான் காட்டும். உங்கள் அட்டைப்படி அவரைத் தினமும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியிருக்கும்.

பத்மாவதி

நல்ல வேளை, கேட்டீர்கள். அவரைப் போன்றவர்கள் சிலருக்கு மருத்துவமனையிலேயே 88 முதல் 92 வரை இருக்கும்படிதான் ஆக்சிஜன் கொடுப்பார்கள். அதிகம் கொடுத்தால் கரியமிலவாயு தேங்கி மயக்கமே வந்துவிடலாம். மாலதி, அட்டையில் "இவருடைய வழக்கமான எண்" என்று ஒரு வெற்றிடம் விடுங்கள். உடல்நலமாக இருக்கும் நாளில் அளந்து அதில் எழுதிவைக்கட்டும். வழக்கத்திலிருந்து மூன்று குறைந்தாலே நான் கவலைப்படுவேன். இளங்கோ, அப்பாவின் எல்லை எண்ணை அவருடைய மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குணசீலன்

ஒற்றைக் கோட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் கருவி அளப்பதை அளந்துதானே காட்டுகிறது? 94 என்றால் யாருக்கும் 94தானே?

பத்மாவதி

இல்லை ஐயா. இரண்டு புள்ளி முன்பின் இருப்பது நல்ல கருவியிலேயே இயல்பு. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் மாறும். நம்மைப் போல் தோல் கறுத்தவர்களுக்கு உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. அந்தப் பாட்டியின் 94 உண்மையில் 91ஆகக்கூட இருந்திருக்கலாம்.

இன்னொரு தவறையும் வீடுகளில் பார்த்திருக்கிறேன். திரையில் இரண்டு எண்கள் வரும். PR என்பது நாடித்துடிப்பு. துடிப்பு 96, மற்றது 88 என்று இருக்க, "96 இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அட்டையில் திரையின் படத்தைப் போட்டு SpO2 எழுத்துகளை வட்டமிட்டுக் காட்டுங்கள். தமிழ்ப்பெயர் எதுவானாலும் இந்த நான்கு எழுத்துகளும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

மாலதி

இதைப் படித்த பிறகு "ஆக்சிஜன் அளவு" என்ற பெயரை நான் கைவிடுகிறேன். அளவு என்றால் உடம்பில் இருக்கும் ஆக்சிஜன் மொத்தமும் என்றல்லவா தோன்றுகிறது? இரத்தசோகை உள்ளவருக்கும் இந்த எண் 98 காட்டும் என்பது சரிதானே அக்கா?

பத்மாவதி

சரிதான். பஸ்ஸில் எத்தனை இருக்கைகள் நிரம்பியிருக்கின்றன என்பதைத்தான் கருவி சொல்கிறது. எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஹீமோகுளோபின் 7 உள்ளவருக்கும் இருப்பதெல்லாம் நிரம்பியிருந்தால் 98தான் வரும்.

மாலதி

அப்படியானால் "ஆக்சிஜன் நிரம்பல்" என்று எழுதலாமா? இலங்கைப் பாடநூல்களில் நிரம்பிய கரைசல் என்ற வழக்கு உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் நிரம்பியிருக்கும் விழுக்காடு என்பது கேட்டதும் புரிகிறது.

குணசீலன்

என் ஓட்டு இன்னும் "நிறைவு"க்குத்தான். நிரம்பல் என்றால் வழிந்துவிட்டது போல ஒலிக்கிறது. நூற்றுக்கு நூறைத்தான் நிரம்பல் என்பார்கள். "நிரம்பல் 89" என்றால் முரணாக இல்லையா?

இளங்கோ

"நிறைவு 89"க்கும் அதே முரண் உண்டு, ஐயா. அதோடு நிறைவு என்றால் என் அப்பா "திருப்தி" என்று எடுத்துக்கொள்வார். "நிறைவு 91" என்று வாசித்துவிட்டு நிறைவாக உட்கார்ந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பத்மாவதி

வார்த்தையை நீங்கள் தீர்மானியுங்கள். பிராணவாயு என்று எழுதினால் என் வயதுக்காரர்களுக்குப் புரியும், பேரப்பிள்ளைகளுக்கு ஆக்சிஜன்தான் புரியும். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் அட்டையின் முதல் வரியில் அந்த எண் வரக்கூடாது. முதலில் ஆளைப் பார்க்கட்டும்: புதிதாகக் குழப்பமா, எழுப்பினால் எழுகிறாரா, ஒரு வாக்கியத்தை மூச்சுவாங்காமல் முடிக்கிறாரா. அடுத்து ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை. அதன் பிறகு கருவி: ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்த பின் ஒரு தடவை, வீட்டுக்குள் சிறிது நடந்த பின் ஒரு தடவை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நடக்கவிட வேண்டாம். உதடு நீலமானாலோ, மூச்சு 30ஐத் தொட்டாலோ, குழப்பம் புதிதாக வந்தாலோ 999க்கு அழைக்கட்டும்.

தனியாக வாழ்பவர், மாத்திரையை விழுங்க முடியாதவர், தண்ணீர்கூட இறங்காதவர் ஆகியோருக்குப் புள்ளி குறைவாக இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கச் சொல்வார்கள். அதற்கும் ஒரு வரி வேண்டும்.

மாலதி

அக்கா சொன்ன வரிசையிலேயே மாற்றிவிட்டேன். இப்போதைக்கு "ஆக்சிஜன் நிரம்பல் விழுக்காடு (SpO2)" என்று வைத்திருக்கிறேன். பத்துப் படிகள் எடுத்து, கோயில் அன்னதானத்துக்கு வரும் பெரியவர்களிடம் இரண்டு பெயர்களையும் காட்டிக் கேட்கப்போகிறேன். எதை அவர்கள் திரையிலுள்ள சரியான எண்ணோடு பொருத்துகிறார்களோ அதையே அச்சுக்கு அனுப்புவேன். "ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கை" என்பதற்குச் சுருக்கமான சொல் தோன்றினால் அதையும் எழுதுங்கள். "மூச்சு வீதம்" என்று போட்டதை என் தாயார் தெருப்பெயர் என்று நினைத்துவிட்டார்.

சரோஜா

அத்தையின் மூச்சை இன்று காலையில் எண்ணினேன். 26 வந்தது. நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.