அலை மேல் பரிசல்: சரிவில் மட்டும் அந்தரத்தில் நின்றது ஏன்?

பென்னாகரத்தான்:

ஒகேனக்கல் பரிசலை வைத்து ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன், கோடோ எஞ்சினில். மூன்று வாரம் என்னைத் தூங்கவிடாத ஒரு சிக்கல் போன ஞாயிறுதான் தீர்ந்தது. இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

என் பரிசலின் விட்டம் 2.2 மீட்டர், ஆட்களோடு எடை 360 கிலோ. விளிம்பை ஒட்டி வட்டமாக எட்டுப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு, புள்ளி அதற்குக் கீழே இருந்தால் அந்த ஆழத்துக்கு ஏற்ப மேல்நோக்கித் தள்ளுவேன். எட்டு இடத்திலும் தனித்தனியாகத் தள்ளுவதால் பரிசல் தானாகச் சாய்ந்து அலையோடு போகும். அமைதியான நீரில் 12 சென்டிமீட்டர் அமிழ்ந்து அழகாக நின்றது.

அலையை ஓட்டியதும் வந்தது வினை. அலை நீளம் 6 மீட்டர், வீச்சு 40 சென்டிமீட்டர். முகட்டில் பரிசல் சரியாக இருக்கிறது, பள்ளத்திலும் சரியாக இருக்கிறது. இடையில் சரிவில் மட்டும் அடிப்பாகம் தெரிய அந்தரத்தில் நிற்கிறது! எடையைக் கூட்டினேன், விசையைக் குறைத்தேன். அப்படிச் செய்தால் முகட்டில் மூழ்கியது.

கடைசியில் எட்டுப் புள்ளிகளுக்கும் ஒரு சிவப்புப் பந்து வைத்து, கணக்கு சொல்லும் நீர்மட்டத்தில் அதை நிற்கவைத்தேன். அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. சரிவில் பந்துகள் தண்ணீருக்கு முக்கால் சாண் மேலே மிதந்தன. அதாவது, தப்பு விசையில் இல்லை, உயரக் கணக்கில்.

நான் போட்டிருப்பது கெர்ஸ்ட்னர் அலை. அதில் மெஷ்ஷின் ஒவ்வொரு புள்ளியும் மேலும் கீழும் மட்டும் போகாது, பக்கவாட்டிலும் நகர்ந்து வட்டம் போடும். முகடு கூராகவும் பள்ளம் அகலமாகவும் தெரிவது அதனால்தான். என் கணக்கோ "இந்த இடத்தில் பிறந்த புள்ளி எவ்வளவு உயரம்?" என்று கேட்டது. கேட்க வேண்டியது "இப்போது இந்த இடத்தில் நிற்கும் புள்ளி எவ்வளவு உயரம்?" என்பது. வீட்டு விலாசத்தில் போய்த் தேடுகிறோம், ஆள் அடுத்த தெருவில் நிற்கிறார். முகட்டிலும் பள்ளத்திலும் இந்தப் பக்கவாட்டு நகர்வு பூஜ்யம், அதனால் அங்கே பிழை இல்லை. சரிவின் நடுவில் அது முழுசாக 40 சென்டிமீட்டர். அங்கே உண்மையான நீர்மட்டம் 0 என்றால் என் கணக்கு 16 சென்டிமீட்டர் என்று சொன்னது. பரிசல் அமிழ்வதே 12 சென்டிமீட்டர்தானே, பிறகு அந்தரத்தில் நிற்காமல் என்ன செய்யும்?

தீர்வு இவ்வளவுதான்:

```
func water_height(world: Vector2, t: float) -> float:
	var p := world
	for i in 3:
		p = world - shift(p, t)
	return height(p, t)
```

`shift` பக்கவாட்டு நகர்வைத் தரும், `height` உயரத்தை. பிறந்த இடத்தை ஊகித்து, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, ஊகத்தைத் திருத்துகிறோம். அதே சரிவுப் புள்ளியில் 16 சென்டிமீட்டர் பிழை முதல் சுற்றில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கியது, இரண்டாவதில் மில்லிமீட்டருக்கும் கீழ். பந்துகள் தண்ணீரில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்.

காவேரிப்பட்டணம்:

எனக்கும் இப்படித்தான் ஆடியது நண்பரே. நான் நாலு புள்ளியைப் பதினாறாக்கினேன், சரியாகிவிட்டது. புள்ளி நிறைய வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஒன்றுதான், படகு முன்னைவிடக் கொஞ்சம் மேலே மிதக்கிறது. எடையைக் கூட்டிச் சமாளித்துவிட்டேன்.

ஓசூர் அக்கா:

புள்ளி கூட்டினால் சின்ன அலைகளின் உதறல் குறையும், அது உண்மை. படகைவிடக் குட்டையான அலை இருந்தால் நாலு புள்ளி போதாது. ஆனால் பென்னாகரத்தானுக்கு வந்தது வேறு. பதினாறு புள்ளியும் ஒரே தப்பான உயரத்தைச் சொன்னால் பதினாறும் சேர்ந்துதான் அந்தரத்தில் நிற்கும்.

உங்கள் படகு மேலே வந்ததற்குக் காரணம், ஒரு புள்ளிக்கான விசையை நாலுக்குப் போட்ட அளவிலேயே விட்டிருப்பீர்கள். மொத்தத் தள்ளல் நாலு மடங்காகிவிட்டது. எடையை எடுத்துப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள், அதை அமிழ வேண்டிய ஆழத்தால் வகுங்கள். அந்தப் பரிசலுக்கு 360 × 9.8 = 3528 நியூட்டன், எட்டால் வகுத்தால் 441, அதை 0.12 ஆல் வகுத்தால் மீட்டருக்கு 3675. இது அனுபவத்தில் திருகிப் பார்க்கும் எண் இல்லை, கணக்கில் வரும் எண்.

அடுத்தது டேம்பிங். இது இல்லாமல் அந்தப் பரிசல் 0.7 வினாடிக்கு ஒருமுறை குதித்துக்கொண்டே இருக்கும். ஒரே குதியில் அடங்க ஒரு புள்ளிக்கு 800 சொச்சம் வேண்டும், நான் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வைப்பேன், கொஞ்சம் துள்ளினால்தான் உயிரோடு இருக்கும். படகின் வேகத்தை மட்டும் வைத்து டேம்பிங் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அலை எழும்போது படகை அதுவே கீழே பிடித்து இழுக்கும், முகட்டில் தண்ணீர் உள்ளே ஏறும். அமிழ்ந்த ஆழம் போன ஃப்ரேமிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை ஃப்ரேமின் நேரத்தால் வகுத்து, அதை வைத்துப் போடுங்கள். இதே தப்பில் நான் ஒரு முழு வேலையைத் திரும்பச் செய்திருக்கிறேன்.

அரூர் தம்பி:

என் கதை வேறு அக்கா. யூனிட்டியில் நன்றாக ஓடிய படகை கோடோவுக்கு மாற்றினேன். கரையில் சரியாக இருக்கும், தூரம் போகப் போகத் தட்டாமாலை சுற்றிக் கவிழும். அலைதான் காரணம் என்று அலையையே நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் கவிழ்ந்தது. விஷயம் என்னவென்றால், யூனிட்டியின் `AddForceAtPosition` உலக இடத்தைக் கேட்கும். கோடோவின் `apply_force` படகின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று கேட்கும். நான் உலக இடத்தையே கொடுத்ததால், 200 மீட்டர் தள்ளிப் போனால் 200 மீட்டர் நீளக் கடப்பாரையால் நெம்பிய மாதிரி ஆகிவிட்டது.

```
apply_force(Vector3.UP * f, q - global_position)
```

`q` விசை போடும் புள்ளியின் உலக இடம், `f` அங்கே போடும் விசை. கரையில் சரி, தூரத்தில் தப்பு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

கே.ஆர்.பி. டேம் பக்கம்:

எனக்கு கோடு எழுதத் தெரியாது, மகன் காட்டியதால் படித்தேன். எங்கள் மாமா பரிசல் ஓட்டியவர். பரிசல் கவிழாமல் இருக்கத் தண்ணீரை எட்டு இடத்தில் அளக்க வேண்டியதில்லை தம்பி, ஆட்களை எதிரெதிரே உட்கார வைத்தால் போதும். ஒருவர் எழுந்து நின்றாலே ஆட்டம் கண்டுவிடும்.

பென்னாகரத்தான்:

ஐயா, நான் கேட்டது கணினிக்குள் இருக்கும் பரிசலைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய உதவி. என் பரிசலில் எடை முழுவதும் நடுவில் ஒரே புள்ளியாக இருக்கிறது. ஆளுக்கு ஆள் எடையைப் பிரித்து, எழுந்தால் எடையின் மையம் மேலே போகிற மாதிரி செய்யப்போகிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். வீச்சை ஒரு மீட்டராக்கினேன். மூன்று சுற்று போட்டும் முகட்டுப் பக்கம் பந்துகள் நடுங்குகின்றன.

ஓசூர் அக்கா:

6 மீட்டர் அலைக்கு ஒரு மீட்டர் வீச்சு விளிம்பு நிலை தம்பி. வீச்சை 2π ஆல் பெருக்கி அலை நீளத்தால் வகுத்தால் 1.05 வருகிறது. 1ஐத் தாண்டினால் முகடு தனக்குள்ளேயே சுருண்டு, ஒரே இடத்தில் மூன்று புள்ளிகள் நிற்கும். எதன் உயரத்தைச் சொல்வது என்று கணக்குக்கே தெரியாது. பல அலைகளைக் கூட்டினால் எல்லாவற்றின் இந்த எண்ணையும் கூட்டிப் பாருங்கள். நான் 0.7க்கு மேல் விடுவதில்லை.

காவேரிப்பட்டணம்:

வகுத்துப் பார்த்தேன் அக்கா, படகு சரியான மட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் இப்போது படகுக்கு உள்ளேயே தண்ணீர் தெரிகிறது, அலையின் மெஷ் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வருகிறது. யாராவது இதற்கு வழி கண்டீர்களா?

அரூர் தம்பி:

அதேதான் எனக்கும் அண்ணா. படகின் உட்புறத்துக்கு மட்டும் ஷேடரில் தண்ணீரை வெட்டிப் பார்த்தேன். நேராக இருக்கும்போது சரியாக இருக்கிறது, படகு சாய்ந்தால் ஓரத்தில் ஓட்டை தெரிகிறது. இன்னும் முடியவில்லை.